மருத்துவமனைக்கு வக்கீல் நோட்டீஸ்: ஓர் இரவின் நேரக்கணக்கை எழுதும் முறை

மருத்துவமனைக்கு எதிராக நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியையும் பில் கட்டையும் கொண்டுவருகிறார்கள். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு நான் கேட்கும் முதல் கேள்வி, "நர்ஸ் எழுதிய குறிப்புகள் எங்கே?" என்பதுதான். டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதப்படுவது. நர்ஸ் குறிப்போ நடு இரவில், நோயாளியின் கட்டிலருகே, அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாத நிலையில் எழுதப்படுவது. கவனக்குறைவு நடந்திருந்தால் அதன் தடம் அங்கேதான் இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுமையாக எடுத்துக்கொள்வோம். முறையை விளக்குவதற்காக நான் அமைத்த உதாரணம் இது. ஒன்பது வயதுச் சிறுவன் சைக்கிளிலிருந்து விழுகிறான். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிகிறது. ஒரு தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து, எலும்பைச் சேர்த்து, இரண்டு கம்பிகளைச் செலுத்தி மாவுக்கட்டு போடுகிறார்கள். இரவு முழுவதும் பிள்ளை வலியில் துடிக்கிறான். காலையில் கட்டைத் திறக்கும்போது முன்கைத் தசையின் ஒரு பகுதி செத்துவிட்டது. இன்று அவனால் விரல்களை நீட்ட முடியவில்லை.

இதில் மருத்துவம் என்ன சொல்கிறது என்பதை நோட்டீஸ் எழுதுபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். காயம்பட்ட கையில் வீக்கம் கூடும்போது, தசையைச் சுற்றியுள்ள உறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இறுக்கமான கட்டு அதை இன்னும் கூட்டுகிறது. அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை மீளாது. முறிவின் அளவுக்கு மீறிய வலி, விரலை நீட்டிவிட்டால் கூடும் வலி, வலி மருந்து திரும்பத் திரும்பத் தேவைப்படுவது ஆகியவை முதல் அறிகுறிகள். உடனே செய்ய வேண்டியது கட்டையும் அதன் உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும் வரை பிளந்துவிடுவது. அதற்கும் குறையாவிட்டால் தசையுறையைத் திறக்கும் அவசர அறுவைச் சிகிச்சை. ஆக, இந்த வழக்கு முழுவதும் மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

ஆவணங்களை வாங்குவது

மருத்துவர்களின் தொழில்நெறி குறித்த 2002ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால், விண்ணப்பத்துக்கு ஒப்புகை தந்து 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் நேரமும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பிவிடுங்கள். நோயாளி சிறுவர் என்றால் தாயோ தந்தையோ கையெழுத்திடலாம்.

"எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாகக் கேட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல்தான் திரும்பவும் வரும். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நமது உதாரணத்துக்குத் தேவையானவை: அவசரப் பிரிவுக் குறிப்பு, கேஸ் ஷீட் முழுவதும், நர்ஸ் குறிப்பேடு, மருந்து கொடுத்த அட்டவணை, மயக்க மருந்துப் பதிவு, இரண்டு அறுவைச் சிகிச்சைகளின் குறிப்புகள், ஒப்புதல் படிவங்கள், எக்ஸ்ரே படங்கள், இனவாரியான பில்.

அதே விண்ணப்பத்தில் இன்னொரு பத்தியும் சேருங்கள். அந்த இரவு பணியில் இருந்த மருத்துவர்களின் பணிப்பட்டியல், வார்டு தாழ்வாரக் கேமராப் பதிவு, மருத்துவரை அழைத்ததற்கான தொலைபேசிப் பதிவு ஆகியவற்றை அழிக்காமல் பாதுகாக்கும்படி கேட்கும் பத்தி அது. கேமராப் பதிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாக அழிந்து, அதன்மேல் புதியது பதிவாகிவிடும். நோட்டீஸ் தயாராகும் வரை அது காத்திருக்காது.

நகல் கைக்கு வந்ததும் பக்கங்களை எண்ணுங்கள். பக்க எண் விடுபட்டிருக்கிறதா, நேரம் திருத்தப்பட்டிருக்கிறதா, ஒரே மையில் ஒரே கையெழுத்தில் மூன்று ஷிஃப்ட்களின் குறிப்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் எதையும் அதன்மேல் எழுதிவிடாதீர்கள். குறிப்பெழுத இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்தில் தராவிட்டால், அதையே நோட்டீஸில் தனிக் குறைபாடாக எழுதலாம்.

குடும்பத்தின் கையிலும் ஆவணங்கள் இருக்கும். தந்தையின் போனில் எடுத்த படம், உறவினருக்கு அனுப்பிய செய்தி, மருத்துவமனை எண்ணுக்குச் செய்த அழைப்பு எல்லாம் நேரம் பதிந்தவை. அந்தப் போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம். படத்தைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். மூலக் கருவி இருந்தால் அது எளிது.

நேரக்கணக்கு

இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரம், ஒரு நிகழ்வு, அதற்கான ஆவணத்தின் பக்கம். இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் வேண்டாம். "அலட்சியமாக", "கொடூரமாக" போன்ற சொற்கள் இங்கே நுழையக் கூடாது. எதிர்த் தரப்பு மறுக்க முடியாத வரிகளாக இருந்தால்தான் இந்தப் பகுதிக்கு வலிமை. நமது உதாரணத்தில் அது இப்படி வரும்:

- 14.03.2025 மாலை 5:10: அனுமதி. விரல் அசைவு இருக்கிறது, நாடி தெரிகிறது. (அவசரப் பிரிவுக் குறிப்பு, பக்கம் 1)
- இரவு 8:30 முதல் 9:25 வரை: அறுவைச் சிகிச்சை, மாவுக்கட்டு. (மயக்க மருந்துப் பதிவு, பக்கம் 9)
- இரவு 10:00: வார்டுக்கு வருகை. விரல்கள் இளஞ்சிவப்பு, அசைவு உண்டு. (நர்ஸ் குறிப்பு, பக்கம் 14)
- இரவு 11:40: கடும் வலி. டியூட்டி டாக்டருக்குத் தொலைபேசியில் தகவல். அவர் சொன்னபடி வலி ஊசி. (நர்ஸ் குறிப்பு, பக்கம் 14)
- 15.03.2025 அதிகாலை 1:30: இரண்டாவது வலி ஊசி, முதலைவிட வீரியமானது. (மருந்து அட்டவணை, பக்கம் 18)
- அதிகாலை 2:15: விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருக்கும் படம். (தந்தையின் போன்)
- அதிகாலை 3:20: விரல்கள் வீக்கம், குளிர்ச்சி. டியூட்டி டாக்டருக்குத் தகவல். (நர்ஸ் குறிப்பு, பக்கம் 15)
- காலை 7:15: அறுவைச் சிகிச்சை நிபுணர் பார்க்கிறார். கட்டு பிளக்கப்படுகிறது. (கேஸ் ஷீட், பக்கம் 6)
- காலை 10:50: தசையுறை திறப்பு. கருத்துப்போன தசை அகற்றப்படுகிறது. (அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, பக்கம் 22)

இப்போது பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். இரவு 10 மணிக்குப் பிறகு காலை 7:15 வரை மருத்துவர் ஒருவரின் கையெழுத்துகூட இல்லை. முதல் கடும் வலிக்கும் கட்டைப் பிளந்ததற்கும் இடையே 7 மணி 35 நிமிடம். அறுவைச் சிகிச்சை தொடங்கும்போது 11 மணி 10 நிமிடம். நோட்டீஸின் முதுகெலும்பு இந்த இரண்டு எண்கள்தாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியை இதன் பக்கத்தில் வையுங்கள். "மறுநாள் காலை அழுத்தம் கண்டறியப்பட்டு உடனடியாகச் சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று அதில் இருக்கிறது. 11:40 இல்லை, 3:20 இல்லை. மருத்துவமனையின் இரண்டு தாள்கள் ஒன்றுக்கொன்று முரண்படும் இந்த இடத்தை நோட்டீஸில் தனிப் பத்தியாக எழுதுங்கள். இரண்டு வாசகங்களையும் மேற்கோள் குறிக்குள் அப்படியே எடுத்துப் போடுங்கள். விளக்கம் சேர்க்க வேண்டியதில்லை.

குடும்பத்தின் நினைவை மட்டும் நம்பி ஒரு வரி வந்தால், "என் கட்சிக்காரர் கூறுவது" என்று தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள். தாய் நான்கு முறை நர்ஸிடம் ஓடியதாகச் சொல்கிறார், குறிப்பில் இரண்டு முறைதான் இருக்கிறது என்றால், இரண்டையும் அப்படியே எழுதுங்கள். நோட்டீஸில் எழுதியது பிறகு உங்களைக் கட்டுப்படுத்தும். அங்கே நான்கு என்றும் புகார் மனுவில் ஆறு என்றும் வந்தால், குறுக்கு விசாரணையில் முதலில் தொடப்படுவது அதுதான்.

குற்றச்சாட்டை வகுப்பது

சிகிச்சையின் முடிவு மோசமாக இருந்தது என்பது மட்டும் கவனக்குறைவு ஆகாது. அதே துறையில் சாதாரணத் திறமையுள்ள மருத்துவர் அந்த நேரத்தில் அந்தச் சூழலில் செய்திருக்கக்கூடியதை இவர் செய்தாரா என்பதே சட்டத்தின் கேள்வி. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைத்தான் உறுதி செய்தது. ஆகவே நோட்டீஸ் மூன்றுக்கு விடை சொல்ல வேண்டும்: என்ன செய்திருக்க வேண்டும், எந்த மணிக்குச் செய்யாமல் விட்டார்கள், அதனால் எது போயிற்று.

இதற்காக, சம்பந்தமில்லாத ஓர் எலும்பு மருத்துவரிடம் ஆவணங்களைக் காட்டி எழுத்தில் கருத்து வாங்குவது நல்லது. "தப்பு நடந்ததா?" என்று அவரிடம் கேட்காதீர்கள்; பல மருத்துவர்கள் பின்வாங்கிவிடுவார்கள். "11:40க்கு இந்தக் குறிப்பு வந்தால் வழக்கமாக என்ன செய்வீர்கள்? 3:20க்கு?" என்று கேளுங்கள். விடை தானாக வரும். எல்லா வழக்கிலும் நிபுணர் சான்று கட்டாயமில்லை என்று வி. கிஷன் ராவ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தசைக்கு ரத்தம் போவது போன்ற நுட்பமான விஷயத்தில் அது இல்லாமல் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குற்றச்சாட்டுப் பத்தி இப்படி இருக்கலாம்:

"14.03.2025 இரவு 11:40 மணிக்குக் கடும் வலி என்று உங்கள் செவிலியரே பதிவு செய்துள்ளார். முழங்கை முறிவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட குழந்தைக்கு இத்தகைய வலி வந்தால், மருத்துவர் நேரில் வந்து விரல்களின் அசைவையும் உணர்வையும் சோதித்து, தேவைப்பட்டால் கட்டைப் பிளந்திருக்க வேண்டும். அவ்வாறு எந்த மருத்துவரும் பரிசோதித்ததாக உங்கள் பதிவேட்டில் இல்லை. தொலைபேசியில் வலி ஊசி மட்டும் பரிந்துரைக்கப்பட்டது. அதிகாலை 3:20 மணிக்கு விரல்கள் குளிர்ந்துள்ளன எனப் பதிவான பின்னரும் 3 மணி 55 நிமிடம் எந்த மருத்துவரும் வரவில்லை. இந்தத் தாமதத்தால் முன்கைத் தசை நிரந்தரமாகச் செயலிழந்தது."

இது போன்ற மூன்று பத்திகள் போதும்: இரவில் மருத்துவர் பார்க்காதது, 3:20க்குப் பிறகும் நிபுணரை வரவழைக்காதது, கட்டைப் பிளந்த பிறகும் அறுவைச் சிகிச்சை அரங்குக்குக் கொண்டுபோக மூன்றரை மணி நேரம் ஆனது. கழிவறை சுத்தமாக இல்லை, வரவேற்பாளர் மரியாதையாகப் பேசவில்லை என்பவை உண்மையாகவே இருக்கட்டும். அவற்றைச் சேர்த்தால் பதில் எழுதுபவர் அவற்றுக்கே இரண்டு பக்கம் செலவிட்டு, 11:40ஐத் தாண்டிப் போய்விடுவார்.

யாருக்கு, எவ்வளவு

மருத்துவமனையின் பெயர்ப்பலகையில் இருக்கும் பெயரும் அதை நடத்தும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். பில்லில் அச்சாகியிருக்கும் சட்டப் பெயரைப் பாருங்கள். முதல் முகவரி அந்த நிறுவனம், இரண்டாவது அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவர், மூன்றாவது டியூட்டி டாக்டர். டியூட்டி டாக்டரின் பெயர் தெரியாவிட்டால், "14.03.2025 இரவுப் பணியில் இருந்த மருத்துவர்" என்று எழுதி, பெயரைத் தரும்படி மருத்துவமனையைக் கேளுங்கள். எந்த மருத்துவர் என்று தெரியாததால் நோயாளியின் வழக்கு வீழ்ந்துவிடாது, தன் பணியாளர்கள் கவனக்குறைவாக இல்லை என்று மருத்துவமனைதான் காட்ட வேண்டும் என்று சவிதா கர்க் வழக்கில் 2004இல் தீர்ப்பு வந்திருக்கிறது. 11:40ஐயும் 3:20ஐயும் நேர்மையாக எழுதிவைத்த நர்ஸை எதிர்த்தரப்பாக்காதீர்கள். அவர் உங்கள் வழக்கின் மிக முக்கியமான சாட்சியாகலாம்.

சிறுவனின் சார்பில் பெற்றோர் கேட்பதோடு, பெற்றோர் தங்கள் மன வேதனைக்காகத் தனியாகவும் இழப்பீடு கேட்கலாம். ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் நுகர்வோராக ஏற்றது.

தொகையை ஒரே எண்ணாக எழுதாமல் தலைப்புவாரியாகப் பிரியுங்கள். இந்த மருத்துவமனைக்குக் கட்டிய 1,12,000 ரூபாய், பிறகு வேறிடத்தில் செய்த சிகிச்சைக்கும் பிசியோதெரபிக்கும் ஆன செலவு, தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் எழுத்தில் கொடுத்த மதிப்பீடு, தந்தை இழந்த சம்பளம் எனக் கணக்குள்ளவை முதலில் வரட்டும். வலி, ஊனம், எதிர்கால வருமான இழப்பு ஆகியவை தனியாக வரட்டும். ஊனத்தின் சதவீதம் இன்னும் முடிவாகவில்லை என்றால், சான்றிதழ் வந்த பின் தொகையைத் திருத்தும் உரிமை உண்டு என்று ஒரு வரி சேருங்கள்.

எந்த ஆணையத்துக்குப் போவது என்பதை நீங்கள் கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவைக்குக் கட்டிய பணம்தான் கணக்கு. அது 50 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்.

அரசு மருத்துவமனை என்றால் வழி வேறு. அனைவருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் வரையறுக்கப்பட்டது. சிவில் வழக்குக்குப் போக வேண்டும், அதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவின்படி இரண்டு மாத அவகாசத்தோடு நோட்டீஸ் தர வேண்டும்.

அனுப்புவதும் காத்திருப்பதும்

தனியார் மருத்துவமனைக்கு எதிராக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நோட்டீஸ் கட்டாயமில்லை. வக்கீல்தான் அனுப்ப வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸின் பயன், எதிர்த்தரப்பின் விளக்கத்தை முன்கூட்டியே எழுத்தில் வரவழைப்பது. ஒப்புகையோடு கூடிய ஸ்பீட் போஸ்டில் எல்லா முகவரிக்கும் தனித்தனியாக அனுப்பி, ரசீதையும் வந்துசேர்ந்த விவரத்தின் அச்சுப் பிரதியையும் கோப்பில் வையுங்கள். பதிலுக்கு 15 நாள் கொடுப்பது வழக்கம். ஆவணங்களின் நகலைப் பட்டியலோடு இணையுங்கள். மூலங்களையும் நிபுணர் கருத்தையும் அனுப்ப வேண்டாம்.

"பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவோம்" என்று எழுதவே கூடாது. அது மிரட்டிப் பணம் பறிக்க முயன்றதாகத் திரும்பக்கூடும். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான கவனக்குறைவு தேவை. அது தனிப் பாதை.

காலக்கெடுவில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நோட்டீஸ் அனுப்பியதாலோ மருத்துவமனை "பேசிக்கொள்ளலாம்" என்று இழுத்தடிப்பதாலோ அந்தக் கடிகாரம் நிற்காது. நமது உதாரணத்தில் 2027 மார்ச் 14ஐ நாட்காட்டியில் குறித்து, அதற்கு மூன்று மாதம் முன்பே தாக்கல் செய்யத் தயாராக இருங்கள்.

பதில் வந்தால் அதையும் நேரக்கணக்கோடு வைத்துப் படியுங்கள். "ஒப்புதல் படிவத்தில் இந்தச் சிக்கல் குறிப்பிடப்பட்டுள்ளது" என்று வரும். சிக்கல் வரலாம் என்று ஒப்புக்கொண்டவர், அது வந்தபோது யாரும் பார்க்காமலிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "நாடித் துடிப்பு இருந்தது" என்று வரும். பெரிய ரத்தக் குழாயில் துடிப்பு இருக்கும்போதே தசைக்குள் அழுத்தம் ஆபத்தான அளவை எட்டலாம் என்பதை உங்கள் நிபுணர் தன் கருத்தில் முன்பே எழுதியிருக்க வேண்டும். மிக முக்கியமாக, "டியூட்டி டாக்டர் அதிகாலை 3:30க்கு நேரில் வந்து பார்த்தார்" என்று ஒரு வரி வரலாம். அப்படி வந்தால் பதற வேண்டாம். நர்ஸ் குறிப்பேட்டின் 15ஆம் பக்கத்தை எடுங்கள். 3:20க்கு ஒரு குறிப்பு, அதன் கீழே 5:00 மணிக்கு "குழந்தை அழுதுகொண்டே இருக்கிறான், டாக்டர் வருகைக்குக் காத்திருக்கிறோம்" என்று இன்னொரு குறிப்பு இருந்தால், அந்தப் பக்கம்தான் உங்கள் புகார் மனுவின் முதல் இணைப்பு.